நீச்சல் தடாகத்திலிருந்து கிணற்றடிக்கு: தலைமுடியை அலசும் ஒழுங்கு

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளின் தடாகங்களில் நீந்தப் பழகும் பிள்ளைகளும், வார இறுதியில் அங்கு போய்வரும் பெரியவர்களும், சில வாரங்களிலேயே ஒரே முறைப்பாட்டுடன் என்னுடைய சிகை அலங்கார நிலையத்துக்கு வருகிறார்கள். முடி வைக்கோல்போல் ஆகிவிட்டது, சீப்பு இறங்கவில்லை, எந்த ஷாம்பு போட்டாலும் நுரை வருவதில்லை என்பார்கள். விசாரித்தால், தடாகத்திலிருந்து ஈரத்தலையுடன் வீடு வந்து, கிணற்று நீரில் சவர்க்காரமோ ஷாம்புவோ போட்டு முழுகியிருப்பார்கள். பயன்படுத்தும் பொருள்களில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. அவற்றைப் பயன்படுத்தும் வரிசையில்தான் குறை இருக்கிறது. அந்த வரிசையையே இங்கு எழுதுகிறேன். சாயமிடாத கறுப்பு முடியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சாயமிட்ட முடிக்கும் நரைத்த முடிக்கும் உரிய வேறுபாட்டை இறுதியில் சொல்கிறேன்.

1. இரண்டு நீரும் முடியில் செய்வதைப் பிரித்து அறிதல்

வன்னீர் என்பது கல்சியமும் மக்னீசியமும் மிகுதியாகக் கரைந்திருக்கும் நீர். முடியின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் உடையதாகையால், நேர் மின்னேற்றம் கொண்ட கல்சியம் அதில் ஒட்டிக்கொள்கிறது. அத்துடன் சவர்க்காரமும் சேர்ந்தால், நீரில் கரையாத மெழுகு போன்ற ஒரு படிவு உண்டாகி, இழைகளின் மேல் தங்குகிறது. ஆகவே வன்னீரால் கெட்ட முடி கனமாகவும் மங்கலாகவும் இருக்கும். உலர்ந்த பின்பும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகத் தொங்கும்.

தடாக நீரின் வேலை வேறு. அதிலுள்ள குளோரின், இழையின் மேற்புறத்தில் இயற்கையாக இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தை அரிக்கிறது. நீந்துவது தொடர்ந்தால் இழையின் புரதத்தையும் தாக்குகிறது. அத்தகைய முடி கனப்பதில்லை. சொரசொரப்பாகி, ஈரமாக இருக்கும்போதே சிக்கிக்கொள்ளும். நுனியிலிருந்து வேர்ப் பக்கமாக ஓர் இழையை இரு விரல்களுக்கிடையில் இழுத்துப் பார்த்தால் அந்தச் சொரசொரப்பு விரலில் தெரியும்.

நம் ஊரில் இந்த இரண்டும் தனித்தனியாக வருவதில்லை என்பதே சிக்கல். குளோரின் தாக்கிய இடங்களில் எதிர் மின்னேற்றம் கூடுவதால், அதன்பின் படும் கிணற்று நீரிலிருந்து அந்த முடி முன்னைவிட அதிகமாகக் கல்சியத்தைப் பிடிக்கிறது. தடாகம் பழுதாக்கியதன்மேல் கிணறு படிவு வைக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தத் தொடர்ச்சியை எங்கேனும் ஓரிடத்தில் அறுப்பதற்காகவே அமைந்தது.

2. வீட்டு நீரைச் சோதித்தல்

இதற்கு இரண்டு தெளிந்த போத்தல்கள் போதும். அதாவது வரிகளும் படங்களும் இல்லாத, உள்ளே தெரியும் போத்தல்கள். ஒன்றில் ஒரு கோப்பை கிணற்று நீரையும், மற்றதில் அதே அளவு மழை நீரையோ கடையில் விற்கும் ஆர்.ஓ. நீரையோ ஊற்றுங்கள். குளிக்கும் சவர்க்காரக் கட்டியிலிருந்து ஒரே அளவாகச் சீவிய துண்டை இரண்டிலும் இட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். மென்னீரில் தடித்த நுரை எழுந்து நிற்கும். வன்னீரில் நுரை குறைந்து, நீர் பால்போல் கலங்கி, திரைந்த துணுக்குகள் மிதக்கும். இந்தச் சோதனையை ஷாம்புவை வைத்துச் செய்ய வேண்டாம். ஷாம்பு வன்னீரிலும் ஓரளவு நுரைக்கும்படி செய்யப்பட்டது என்பதால் வேறுபாடு தெளிவாகத் தெரியாது.

கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா என்றும் பாருங்கள். கட்டினால், உங்கள் நீரின் வன்மையில் ஒரு பகுதி கொதிக்கவைத்தால் நீங்கிவிடும் வகையைச் சேர்ந்தது. கொதித்து ஆறிய நீரை மேலாக வடித்தெடுத்தால் அது முன்னைவிட மென்மையாக இருக்கும். ஆனால் வாயில் சவர்க்கும் நீருக்கு இந்த உபாயம் உதவாது. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி, உப்பு மேலும் செறியும்.

கந்தளாய்க் குளத்து நீரைச் சுத்திகரித்து வரும் குழாய்நீர், கடலோரத்து மணற்கிணறுகளின் நீரைவிடப் பெரும்பாலும் மென்மையானது. எனினும் போத்தல் சோதனையைச் செய்தே முடிவெடுங்கள். ஒரே கிணறும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர்மட்டம் இறங்கிச் சவர் ஏறும். வாடைக்காற்று மழைக்குப் பின் இளகும். விடுதித் தடாகங்களில் கூட்டம் நிறையும் காலமும் கிணறு மோசமாகும் காலமும் ஒன்றாக அமைவதால்தான் முறைப்பாடுகளும் அப்போது கூடுகின்றன.

3. கடைசியில் ஊற்றும் நீரை முதலில் ஒதுக்கி வைத்தல்

தடாகத்துக்குப் புறப்படுமுன் செய்ய வேண்டிய வேலை இது. பலர் தவறவிடுவதும் இதைத்தான். இடுப்பளவு முடிக்கு நான்கு லீற்றர் மென்னீர் தேவைப்படும். தோளளவு முடிக்கு இரண்டரை லீற்றர் போதும். மழைநீர், ஆர்.ஓ. நீர், சோதனையில் தேறிய குழாய்நீர் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் சரி. முழுகுவது முழுவதற்கும் அதைத் தேட வேண்டியதில்லை. ஆரம்ப அலசல்களைக் கிணற்று நீரில் செய்துகொள்ளலாம். கடைசி நீர் மட்டும் மென்னீராக இருக்க வேண்டும்.

காரணத்தைக் கணக்காகப் பார்ப்போம். பிழிந்த பின்னும் நீண்ட முடியில் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் நீர் தங்குகிறது என்று கொள்வோம். ஒரு லீற்றருக்கு 400 மில்லிகிராம் வன்மையுள்ள கிணற்று நீரானால், அதில் 60 மில்லிகிராம் கனிமம் இருக்கும். முடி உலரும்போது நீர்தான் ஆவியாகிறது. கனிமம் இழைகளிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த முழுக்கில் அதன்மேல் இன்னொரு படை சேர்கிறது.

இத்துடன் எடுத்து வைக்க வேண்டியவை: விசிறியடிக்கும் அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று, 500 மில்லிகிராம் விட்டமின் சி மாத்திரை ஒன்று, தேசிக்காய், அகலப் பல் சீப்பு, தேங்காய் எண்ணெய், கொண்டிஷனர். விட்டமின் சி மாத்திரையில் சீனி சேர்த்த சப்பும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அது முடியில் பிசுபிசுக்கும்.

4. தடாகத்தில் இறங்குமுன்

முதலில் தலையை நன்றாக நனையுங்கள். உலர்ந்த முடி முதலில் படும் நீரை வேகமாக உறிஞ்சும். அது குளோரின் நீராக இருப்பதைவிடக் குழாய்நீராக இருப்பது நல்லது. இதனால் குளோரின் உட்புகுவது முற்றாக நிற்காது, தாமதமாகும்.

அதன்பின் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத தேங்காய் எண்ணெயைக் காதுக்குக் கீழுள்ள நீளத்தில் மட்டும் தடவி, பின்னி, தொப்பி போடுங்கள். தேங்காய் எண்ணெய் இழைக்குள் ஊடுருவக்கூடியது. ஈரத்தில் முடி ஊதுவதைக் குறைக்கிறது. வழிய வழியப் பூசிக்கொண்டு தொப்பியில்லாமல் இறங்கினால் எண்ணெய் தடாக நீரில் படர்ந்து வடிகட்டியைக் கெடுக்கும். பொறுப்பாளர் ஏசினால் அது நியாயமே. தொப்பி நீரை முழுதாகத் தடுக்காது என்றாலும், முடியின்மேல் புதிய நீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதைத் தடுக்கும்.

5. வெளியே வந்ததும், உலருமுன்

தொப்பியைக் கழற்றியவுடன், விடுதியின் குளிக்கும் இடத்திலேயே இரண்டு மூன்று நிமிடம் வெறும் நீரில் அலசுங்கள். சவர்க்காரமும் வேண்டாம், ஷாம்புவும் வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று முச்சக்கர வண்டியில் காற்றுப்பட வந்தால், வழியிலேயே முடி உலர்ந்து, தடாக நீரிலிருந்த யாவும் இழையில் செறிந்துவிடும்.

அலசிய பின் விட்டமின் சி நீரை விசிறுங்கள். ஒரு மாத்திரையைப் பொடித்து அரை லீற்றர் மென்னீரில் கரைத்தால் போதும். விட்டமின் சி, எஞ்சிய குளோரினை உடனே குளோரைட்டாக மாற்றிவிடும், அது தீங்கற்றது. தடாகங்களில் வழக்கமாக ஒரு லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரினே பேணப்படுவதால், முடியில் தங்கியதைப் போக்க இந்தக் கரைசலின் சிறு பகுதியே தேவை; ஆகவே மாத்திரையைக் கூட்டுவதால் பயன் கூடாது. கரைசலை அன்றன்று கரைக்க வேண்டும். காற்றுப்பட்டு வைத்தால் அது தன் வலுவை இழந்துவிடும்.

இது மணத்தையும் எஞ்சிய குளோரினையும் போக்கும். ஏற்கனவே அரிக்கப்பட்ட இழையை மீட்காது. மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் மணம்’ வீசும் தடாகத்தில் மருந்து கூடிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டான குளோரமீன்களின் மணம்.

நீந்தியபின் கடலிலும் இறங்குபவர்கள் இந்தப் படியை மீண்டும் செய்ய வேண்டும். கடல்நீரில் மக்னீசியமும் கல்சியமும் எந்தக் கிணற்று நீரையும்விட மிக அதிகம். அந்த ஈரத்தின்மேல் நேரே சவர்க்காரம் போட்டால் படிவு கைக்குத் தெரியும்படியாகவே திரளும்.

6. ஷாம்பு போடும் முறை

வீட்டில் கிணற்று நீரில் முழுகலாம். ஷாம்புவை உள்ளங்கையில் சிறிது நீரோடு குழைத்து, தலைத்தோலில் மட்டும் தேய்த்து, நுரை தானாக நீளத்தில் வழிய விடுங்கள். நீந்திய முடியின் நுனி ஏற்கனவே எண்ணெய்ப் படலத்தை இழந்திருக்கும். அதை மேலும் கசக்கினால் சிக்கு கூடும். நுரை வரவில்லையென்று ஷாம்புவை மேன்மேலும் ஊற்றுவதே இங்கு வழக்கமாக நடக்கும் தவறு. முதல் தடவை குறைவாகப் போட்டு அலசி, தேவையானால் மீண்டும் சிறிது போட்டால் இரண்டாம் தடவையில் நுரைக்கும்.

சவர்க்காரக் கட்டியைத் தலைக்குப் போடுவதை வன்னீர் வீடுகளில் விட்டுவிடவே சொல்வேன். சீயாக்காய் வன்னீரில் சவர்க்காரத்தைப்போல் திரைவதில்லை. ஆனால் அதன் தூளை முழுவதும் அலசி எடுக்க நீர் நிறைய வேண்டும். தூள் மிஞ்சினால் சொரசொரப்பான முடியில் அதுவே சிக்கிக்கொள்ளும்.

மாதத்தில் ஓரிரு தடவை, கனிமத்தை இழுத்தெடுக்கும் கிலேட்டிங் ஷாம்பு பயன்படுத்தலாம். போத்தலின் பின்புறத்தில் இடிடிஏ என்னும் பொருள் பட்டியலில் சற்று முன்னதாக இடம்பெற்றிருக்க வேண்டும். பல சாதாரண ஷாம்புகளிலும் அது கடைசியில், பாதுகாப்புக்காக மட்டும், சிறிதளவு இருக்கும். அந்த அளவு இந்த வேலைக்குப் போதாது. இதைப் போட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். ஒவ்வொரு முழுக்குக்கும் பயன்படுத்தினால் முடி வறளும்.

7. தேசிக்காய் நீர்: அளவு நீரைப் பொறுத்தது

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு சாரார் சில துளிகளைக் கிணற்று நீரில் விட்டு ஊற்றிவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். மறு சாரார் பாதித் தேசிக்காயை நேரே தலையில் தேய்க்கிறார்கள். இரண்டும் பிழை.

தேசிக்காயின் சித்திரிக்கமிலம் இழையில் ஒட்டிய கல்சியத்தைப் பற்றிக்கொண்டு நீரோடு போகிறது. முடியின் செதில்களைப் படியச் செய்து வழுவழுப்பையும் தருகிறது. ஆனால் வன்னீரிலுள்ள இருகாபனேற்று அமிலத்தைத் தின்றுவிடும். ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் காரத்தன்மையுள்ள கிணற்று நீர் ஒரு லீற்றரில் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு விட்டால், அதன் அமிலம் பெரும்பாலும் அதிலேயே செலவாகி, முடிக்கு ஒன்றும் மிஞ்சாது. அதே நீரில் மூன்று தேக்கரண்டி, அதாவது ஒரு மேசைக்கரண்டிச் சாறு விட்டால், பி.எச். அளவு 4 ஐ அண்டி வரும். முடிக்கு அது பொருத்தமானது. மழைநீரிலோ ஆர்.ஓ. நீரிலோ கரைப்பதானால் ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டியே தாராளம். மேசைக்கரண்டி அளவு மிகையாகும்.

சாற்றை வடிகட்டிய பின்பே கலக்குங்கள்; சக்கை முடியில் சிக்கினால் எடுப்பது தொல்லை. ஷாம்புவை அலசி முடித்து, நீரைப் பிழிந்து, இந்த ஒரு லீற்றரைக் காதுக்குக் கீழுள்ள நீளத்தில் மெல்ல ஊற்றி, இரண்டு நிமிடம் விடுங்கள். தலைத்தோலில் புண்ணோ சிரங்கோ இருந்தால் மேலே ஊற்ற வேண்டாம். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கருமையும் கொப்புளமும் உண்டாகலாம். ஆகவே நெற்றியையும் கழுத்தையும் தோளையும் கைகளையும் நன்றாகக் கழுவாமல் முற்றத்தில் முடி உலர்த்தப் போகாதீர்கள். இதற்கு அஞ்சுபவர்கள் அதே அளவு விநாகிரியைப் பயன்படுத்தலாம். அது கல்சியத்தைப் பற்றும் வலு குறைந்ததாயினும் புளிப்பின் பயனைத் தரும்.

அப்பச்சோடாவால் அலசும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அது காரமானது, செதில்களை விரியவைத்து, வன்னீரில் படிவையும் கூட்டும். இந்த வேலைக்கு அது நேர்மாறான பொருள்.

8. கொண்டிஷனர், கடைசி நீர், உலர்த்தல்

தேசிக்காய் நீரைச் சிறிது மென்னீரால் அலசிவிட்டுக் கொண்டிஷனரை நீளத்தில் பூசி, அது இருக்கும்போதே நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீவுங்கள். பிறகு மீதமுள்ள மென்னீரை மொத்தமாகக் கொட்டாமல், கோப்பை கோப்பையாக, ஒவ்வொரு முறையும் பிழிந்து பிழிந்து ஊற்றுங்கள். இவ்வாறு செய்தால் குறைந்த நீரிலேயே பழைய நீர் முழுவதும் வெளியேறும். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முடி பாதி உலர்ந்த பின் பின்னலாம். ஈரத்தோடு இறுக்கிப் பின்னினால் உள்ளே உலராமல் மணக்கும்.

9. ஒரு பிள்ளையின் முடி

நிலாவெளி வீதியை அண்டிய ஒரு வீட்டுப் பிள்ளை, இடுப்பளவு முடி, வாரம் இரு காலை நீச்சல் வகுப்பு. தாய் அவளைக் கூட்டி வந்தபோது, காதுக்குக் கீழே முடி பட்டைப் பட்டையாக ஒட்டியிருந்தது. சீவியபோது சீப்பின் பற்களின் அடியில் சாம்பல் வெள்ளையாக ஒரு மெழுகு சேர்ந்தது; நகத்தால் எடுத்து விரலில் தேய்த்தால் கரையாமல் இழுபட்டது. வீட்டில் சவர்க்காரக் கட்டி போட்டு, அதன்மேல் ஷாம்பு போட்டு, கிணற்று நீரிலேயே முடித்து வந்திருக்கிறார்கள்.

“ஷாம்புவைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தேன் அக்கா, தண்ணீரை நினைக்கவேயில்லை” என்றார் தாய்.

“கிணற்றை மாற்றத் தேவையில்லை தங்கச்சி, கடைசி நான்கு லீற்றரை மாற்றினால் காணும்” என்றேன்.

முதல் நாள் கிலேட்டிங் ஷாம்புவை ஐந்து நிமிடம் விட்டு அலசினோம். நனைந்த முடியில் அதுவரை இருந்த பிசுக்கு அன்றே பெரும்பாலும் போய்விட்டது; படிவுதான் காரணம் என்பதை அது காட்டியது. ஆனால் சொரசொரப்பு போகவில்லை. அது குளோரினின் வேலை. அதன்பின் வீட்டில் சவர்க்காரக் கட்டியை நிறுத்தி, நீந்துமுன் நனைத்தல், வெளியே வந்ததும் விட்டமின் சி நீர், ஒரு லீற்றர் ஆர்.ஓ. நீரில் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, மென்னீரில் கடைசி அலசல் என்று தொடர்ந்தார்கள். சில வாரங்களில் வேரிலிருந்து முதுகு நடு வரை சீப்பு தடையின்றி இறங்கியது. நுனியில் இரண்டு அங்குலம் மட்டும் தேறவில்லை, அதைக் கத்தரித்தோம்.

10. இந்த முறை எட்டாத இடங்கள்

ஈரத்தில் இழுத்தால் இறப்பர்போல் நீண்டு, திரும்பச் சுருங்காமல் அறுந்துபோகும் இழை உட்புறம் சிதைந்தது. அதை எந்த நீரும் எந்தப் பூச்சும் சரிசெய்யாது, வெட்டுவதே வழி.

நரைத்த முடியிலும் நிறம் நீக்கிச் சாயமிட்ட முடியிலும் பச்சைச் சாயல் தெரிந்தால், அதற்குக் காரணம் குளோரின் என்பதைவிடச் செம்பு என்பதே சரி. பாசியை அழிக்கச் சில தடாகங்களில் செப்புச் சேர்மங்கள் இடப்படுகின்றன. இதற்குத் தேசிக்காய் நீரைவிடக் கிலேட்டிங் ஷாம்புவே ஏற்றது. சாயமிட்ட முடியில் புளிப்பு நீரை முதலில் உட்புற முடிக்கற்றை ஒன்றில் மட்டும் ஊற்றிப் பாருங்கள்.

வேரோடு முடி உதிர்வதையோ தலைத்தோல் சிவந்து செதில் எழுவதையோ இந்தப் படிகளால் சரிசெய்ய முயல வேண்டாம். இவை முடியின் தொடுகையை மட்டுமே மாற்றும். உதிர்வுக்குத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.